மில்லியன், பில்லியனில் வரும் செய்தியை லட்சம், கோடியில் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் தமிழ்ச் செய்திப் பிரிவுகளில் வேலைக்குச் சேரும் உதவி ஆசிரியர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வெளிநாட்டுச் செய்தி முகமைகளின் ஆங்கிலக் காப்பியைத் தமிழில் எழுதும்போது தொகைகளை எப்படி மாற்றுவது என்பது மட்டுமே இதில் பேசப்படுகிறது.

மில்லியனும் பில்லியனும் வந்தாலே எனக்குப் பூஜ்ஜியம் குழம்பிவிடுகிறது. மனத்தில் நிற்கும்படி ஒரு வழி உண்டா?

பூஜ்ஜியங்களை எண்ணுவதை விட்டுவிடுங்கள். 10 மில்லியன் ஒரு கோடி, 1 பில்லியன் நூறு கோடி, 1 டிரில்லியன் ஒரு லட்சம் கோடி என்ற மூன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும். மில்லியனில் வந்த எண்ணைப் பத்தால் வகுத்தால் கோடி கிடைக்கும். பில்லியனில் வந்ததை நூறால் பெருக்கினால் கோடி கிடைக்கும். மில்லியனில் வந்த எண் பத்துக்குக் குறைவாக இருந்தால் அது கோடியை எட்டவில்லை என்று பொருள்; அப்போது பத்தால் பெருக்கி லட்சத்தில் எழுதுங்கள். 7.8 மில்லியன் 78 லட்சம் ஆகும். உலக மக்கள்தொகை 2022 நவம்பர் 15 அன்று 8 பில்லியனைத் தொட்டதாக ஐ.நா. அறிவித்தது, நமக்கு அது 800 கோடி.

குழப்பத்துக்கு வேர் காற்புள்ளியில் இருக்கிறது. ஆங்கிலக் காப்பியில் மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரிப்பார்கள். நாம் வலப்பக்கம் முதலில் மூன்றும் பிறகு இரண்டிரண்டுமாகப் பிரிக்கிறோம். ஆகவே முழு எண்ணாக வந்த தொகையில் முதல் வேலையாக எல்லாக் காற்புள்ளிகளையும் அழித்துவிட்டு, வலப்பக்கத்திலிருந்து புதிதாகப் போட்டுக்கொண்டு வரவேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகை ஆங்கில முறையில் 1,210,854,977 என்று இருக்கும். காற்புள்ளிகளை அழித்து மீண்டும் போட்டால் 1,21,08,54,977 ஆகிறது. வாயால் படித்தால் 121 கோடியே 8 லட்சத்து 54 ஆயிரத்து 977. எழுதிய எண்ணை ஒருமுறை இப்படி வாய்விட்டுப் படித்துப் பார்ப்பவருக்குக் காற்புள்ளித் தவறு தானாகவே காதில் விழும்.

டாலரை ரூபாயாகவும் பில்லியனைக் கோடியாகவும் ஒரே பெருக்கலில் மாற்றிவிட்டால் நேரம் மிச்சமாகுமே, அதில் என்ன தவறு?

தவறு நேர்ந்தால் அது எந்த இடத்தில் நேர்ந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் தவறு. அலகு மாற்றம் ஒரு வேலை, நாணய மாற்றம் இன்னொரு வேலை. முதலில் டாலரை டாலராகவே வைத்துக்கொண்டு கோடிக்குக் கொண்டுவாருங்கள்; அந்த எண்ணைத் தாளில் எழுதுங்கள்; அதன் பிறகுதான் மாற்று விகிதத்தால் பெருக்க வேண்டும்.

நம் ஊர்ச் செய்தி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிகளுக்காக ஆசிய வளர்ச்சி வங்கி 2022 டிசம்பரில் 780 மில்லியன் டாலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. அந்த நாட்களில் ஒரு டாலர் 82 ரூபாய்க்குச் சற்று மேலே இருந்தது; கணக்குக்காக 82.40 என்று வைத்துக்கொள்வோம்.

```
780 / 10   = 78      (கோடி டாலர்)
78 x 82.40 = 6427.2  (கோடி ரூபாய்)
```

செய்தியில் இது "78 கோடி டாலர், இந்திய மதிப்பில் சுமார் 6,400 கோடி ரூபாய்" என்று வரும்.

இதே காப்பியில் ஒருவர் பத்தால் வகுக்க மறந்து 780 கோடி டாலர் என்று எடுத்துக்கொண்டார் என்றால், ரூபாயில் 64,272 கோடி வரும். இரண்டாம் கட்டத் திட்டத்தின் மொத்த மதிப்பீடே 63,246 கோடி ரூபாய்தான். தவறான எண் கேலிக்குரிய எண்ணாகத் தெரியாமல், பழக்கப்பட்ட எண்ணாகவே தெரிகிறது என்பதுதான் இங்கே உள்ள ஆபத்து. மெட்ரோவுக்கு அறுபத்து மூவாயிரத்துச் சொச்சம் கோடி என்று ஏற்கெனவே பலமுறை படித்திருக்கும் பக்கப் பொறுப்பாளர், அந்த எண்ணைப் பார்த்ததும் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரே வங்கி முழுத் திட்டத்துக்கும் சற்று மேலேயே கடன் தருகிறது என்று நாம் எழுதியிருப்பதை யாரும் கவனிக்கமாட்டார்கள். கணக்கு இரண்டு வரியாகத் தாளில் இருந்தால், "78 கோடி டாலரா, 780 கோடி டாலரா" என்று முதல் வரியிலேயே சரிபார்த்துவிட முடியும்.

எண் சரியா என்று கால்குலேட்டர் இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது?

அதே செய்திக்குள் இருக்கும் இன்னொரு எண்ணோடு ஒப்பிடுங்கள். மொத்தக் கடன், முதல் தவணை, திட்ட மதிப்பு, பயனாளிகள் எண்ணிக்கை என்று பெரும்பாலான முகமைச் செய்திகளில் குறைந்தது இரண்டு தொகைகளாவது இருக்கும். பகுதி முழுமையைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. மொத்தத்தைப் பயனாளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு வரும் தொகை நம்பும்படி இருக்க வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறிலிருந்துதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் இரவுப் பணியில், 2.5 பில்லியன் டாலர் கடன் பற்றிய காப்பியை எடுத்தேன். அன்று இரவு முழுவதும் மில்லியனிலேயே செய்திகள் வந்துகொண்டிருந்ததால் கை பழக்கத்தில் நூறால் பெருக்குவதற்குப் பதிலாகப் பத்தால் பெருக்கி, ஒரு பூஜ்ஜியத்தை இழந்து, 25 கோடி டாலர் என்று எழுதிவிட்டேன். மூன்றாம் பத்தியில் முதல் தவணை 80 கோடி டாலர் என்று சரியாகவே எழுதியிருந்தேன். மறுநாள் காலை மயிலாப்பூரிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, இருபத்தைந்து கோடி கடனில் முதல் தவணையே எண்பது கோடி எப்படிக் கொடுப்பார்கள்?" என்று கேட்டார். அவருக்கு மூல ஆங்கிலச் செய்தியும் தேவைப்படவில்லை, மாற்று விகிதமும் தேவைப்படவில்லை. இரண்டு பத்திகளைச் சேர்த்துப் படித்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து, காப்பியை முடித்ததும் அதிலுள்ள எண்களை மட்டும் மேலிருந்து கீழே ஒரு முறை தனியாகப் படிக்கிறேன்.

10.5 மில்லியனை 1.5 கோடி என்று எழுதிவிட்டேன். பத்தால் தானே வகுத்தேன்?

பத்தால் வகுத்தால் 1.05 வரும். புள்ளிக்குப் பின்னுள்ள பூஜ்ஜியம் விழுந்துவிட்டதால் 45 லட்சம் கூடுதலாகிவிட்டது. இந்தத் தவறு பெரும்பாலும் தசம எண்ணைச் சொல்லாக மாற்றும்போதும் திரும்ப எண்ணாக மாற்றும்போதும் நேர்கிறது. 1.05 கோடி என்பது 1 கோடியே 5 லட்சம், 1.5 கோடி என்பது ஒன்றரைக் கோடி, அதாவது 1 கோடியே 50 லட்சம். ஒருவர் "ஒரு கோடியே ஐந்து லட்சம்" என்று எழுதி அனுப்ப, தலைப்பில் இடம் போதவில்லை என்று இன்னொருவர் அதை "1.5 கோடி" என்று சுருக்கிவிடுவார். இருவரும் தம்மளவில் கவனமாகத்தான் இருந்திருப்பார்கள்.

இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. கோடிக்குப் பின் தசமம் வந்தால், புள்ளிக்குப் பின் எப்போதும் இரண்டு இலக்கமாக வைத்து மனத்துக்குள் படிப்பேன். அந்த இரண்டு இலக்கமும் அப்படியே லட்சத்தின் எண்ணிக்கை. 1.05 என்றால் 5 லட்சம், 1.50 என்றால் 50 லட்சம். அச்சில் 1.5 என்று போட்டாலும் படிக்கும்போது 1.50 என்றே படிக்க வேண்டும்.

எந்த நாளின் மாற்று விகிதத்தைப் போடுவது?

நிகழ்ச்சி நடந்த நாளின் விகிதத்தை. இன்று அறிவிக்கப்பட்ட கடன் என்றால் இன்றைய விகிதம்; பழைய சம்பவத்தை நினைவுகூரும் செய்தி என்றால் அந்தக் காலத்து விகிதம். இந்தியாவில் டாலருக்கான குறிப்பு விகிதத்தை 2018 ஜூலை முதல் எஃப்.பி.ஐ.எல். என்ற அமைப்பு வேலைநாட்களில் வெளியிடுகிறது. அதற்கு முன் ரிசர்வ் வங்கியே வெளியிட்டுவந்தது. ஏதேனும் ஒரு நாணய மாற்றுக் கடையின் பலகையில் இருக்கும் விகிதத்தை எடுக்கக்கூடாது. அதில் அவர்களுடைய லாபமும் சேர்ந்திருக்கும்.

பழைய தொகைகளில் இது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு 1991-ஐப் பாருங்கள். அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது இந்தியா தன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்துச் சுமார் 400 மில்லியன் டாலர் திரட்டியது. அலகை மாற்றினால் 40 கோடி டாலர். அந்த ஜூலையில் ரூபாய் மதிப்பு குறைக்கப்பட்ட பிறகு டாலர் 26 ரூபாயை ஒட்டி இருந்தது. அதன்படி ஏறக்குறைய 1,000 கோடி ரூபாய். இதையே 85 ரூபாய் என்ற விகிதத்தில் கணக்கிட்டால் 3,400 கோடி ரூபாய் என்று வந்து நிற்கும். அந்த ஆண்டில் எவரும் கையாளாத ஒரு தொகையை வரலாற்றில் நாமாகவே நுழைத்தவர்கள் ஆவோம். அந்தக் காலத்து விகிதம் உறுதியாகக் கிடைக்கவில்லை என்றால் டாலரில் மட்டும் எழுதிவிடுவதே நேர்மை.

வளர்ச்சி பற்றிய செய்தியில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு நிறுவனத்தின் விற்பனை 2 பில்லியன் டாலரிலிருந்து 2.1 பில்லியன் டாலராக உயர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். உயர்வு 5 சதவீதம். முதல் ஆண்டை 75 ரூபாயிலும் அடுத்த ஆண்டை 83 ரூபாயிலும் மாற்றினால் 15,000 கோடி 17,430 கோடியாகி, உயர்வு 16 சதவீதம் போலத் தெரியும். எனவே சதவீதத்தை எப்போதும் மூல நாணயத்திலிருந்தே எடுங்கள். ரூபாய் மதிப்பைப் புதிய தொகைக்கு மட்டும் ஒரு முறை கொடுத்தால் போதும்.

பெருக்கி வந்த எண்ணை எவ்வளவு துல்லியமாக எழுதலாம்?

மூலத்தில் இருந்த துல்லியத்துக்கு மேல் எழுதக்கூடாது. முகமை "ஒரு பில்லியன் டாலர்" என்று முழுசாகச் சொல்லியிருக்க, நாம் 83.27 ஆல் பெருக்கி 8,327 கோடி ரூபாய் என்று எழுதினால், யாரோ கடைசிக் கோடி வரை எண்ணிப் பார்த்ததுபோல ஒரு பொய்யான தோற்றம் வருகிறது. சுமார் 8,300 கோடி என்பதே சரி. "சுமார்" என்ற சொல் ரூபாய் எண்ணுக்கு முன்னால்தான் வர வேண்டும். டாலர் தொகை திட்டவட்டமாகச் சொல்லப்பட்டது என்றால் அதன் முன்னால் அந்தச் சொல்லுக்கு வேலையில்லை.

'மில்லியன்ஸ் ஆஃப் பீப்பிள்' என்றால் 'கோடிக்கணக்கான மக்கள்' என்று எழுதலாம் அல்லவா?

எழுதக்கூடாது. அந்தத் தொடர் சில மில்லியன்களைக் குறிக்கிறது. அதாவது இருபது லட்சம், முப்பது லட்சம், ஐம்பது லட்சம் என்ற அளவு. தமிழில் அதற்கு "லட்சக்கணக்கான மக்கள்" என்பதே பொருந்தும். அதே தொடரின் முன்னால் 'டென்ஸ் ஆஃப்' என்று சேர்ந்து வந்தால்தான் கோடிக்கணக்கு. நூறாயிரங்கள் என்ற பொருளில் வருவதும் நமக்கு லட்சக்கணக்கே என்பதால், ஆங்கிலத்தின் இரண்டு படிகள் தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. வேறுபாட்டைக் காட்ட வேண்டிய இடத்தில் "பல பத்து லட்சம் பேர்" என்று எழுதலாம். காதுக்கு அது சற்று முரடாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஒரு புயல் எச்சரிக்கைச் செய்தியில் இடம்பெயர்ந்தோர் எண்ணிக்கையைப் பத்து மடங்கு உயர்த்திச் சொல்வதைவிட அந்த முரடு எவ்வளவோ மேல்.

பணத்தில் 'பில்லியன்ஸ் ஆஃப் டாலர்ஸ்' என்று வந்தால் "பல நூறு கோடி டாலர்" என்று எழுதுங்கள். "கோடிக்கணக்கான டாலர்" என்றால் தொகை நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

டிரில்லியனை 'லட்சம் கோடி' என்று எழுதினால் வாசகருக்குப் புரியுமா?

புரியும், மத்திய பட்ஜெட் செய்திகள் அந்தச் சொல்லைப் பழக்கிவிட்டன. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டை 2030-க்குள் ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரமாக்குவது என்ற மாநில அரசின் இலக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதை "ஒரு லட்சம் கோடி டாலர்" என்று செய்தியின் உடலில் சரியாக எழுதிவிட்டு, தலைப்பில் "ரூ.1 லட்சம் கோடி" என்று போட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். லட்சம், கோடி என்ற சொற்கள் வந்தவுடன் நம் கை தன்னையறியாமல் ரூபாய்க் குறியைச் சேர்த்துவிடுகிறது. டாலர் 83 ரூபாய் என்று வைத்தால் அந்த இலக்கு 83 லட்சம் கோடி ரூபாய். ஆகவே டாலர் தொகையை நம் அலகில் எழுதும் ஒவ்வொரு இடத்திலும், தலைப்பு உட்பட, நாணயத்தின் பெயர் எண்ணோடு ஒட்டியே இருக்க வேண்டும்.

பொதுமக்கள் வாயில் "ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரம்" என்றே வழங்கிவிட்ட தொடரை முதல் முறை அப்படியே எழுதி, அடுத்த வாக்கியத்தில் லட்சம் கோடியில் விளக்குவதை நான் தவறாகக் கருதவில்லை.

கொழும்பிலிருந்து வரும் காப்பியில் ரூபாய் என்றே இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமா?

அலகை மாற்ற வேண்டும். நாணயத்தின் பெயரை முழுமையாக்க வேண்டும். இலங்கையில் தமிழிலும் மில்லியன், பில்லியன் என்றே எழுதுகிறார்கள். அவர்களுடைய வாசகருக்கு அது இயல்பானது. சென்னை வாசகருக்காக 500 பில்லியன் ரூபாயை 50,000 கோடி இலங்கை ரூபாய் என்று எழுதுங்கள். "இலங்கை" என்ற சொல் விழுந்துவிட்டால் வாசகர் அதை நம் ரூபாயாகவே எடுத்துக்கொள்வார், தொகை பல மடங்கு பெரிதாகிவிடும். நேபாளம், பாகிஸ்தான் செய்திகளுக்கும் இதுவே பொருந்தும்.

m, mn, bn என்ற சுருக்கங்களை எப்படிப் படிப்பது?

mn மில்லியன், bn பில்லியன். தனி m மட்டும் வந்தால் அது மில்லியனா மீட்டரா என்று வாக்கியத்தைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அணை, பாலம், கட்டடம் பற்றிய செய்திகளில் இரண்டும் ஒரே பத்தியில் வரும். 1974-க்கு முந்தைய பிரிட்டிஷ் ஆவணங்களை மேற்கோள் காட்டும்போது பில்லியன் என்பது மில்லியன் மில்லியனைக் குறித்திருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்; அந்தக் கணக்கில் அது நூறு கோடி அல்ல, லட்சம் கோடி.

எல்லா 'பில்லியன்' சொல்லையும் 'நூறு கோடி' என்று ஒரே சொடுக்கில் மாற்றிவிட்டால்?

"1.35 நூறு கோடி டாலர்" என்று ஒரு தொகை பக்கத்தில் ஏறிவிடும். அதை 135 கோடி என்று எண்ணையும் சேர்த்து மாற்றினால்தான் தமிழ். எண்ணும் அலகும் இணைந்தே மாறவேண்டியவை என்பதால் தேடி மாற்றும் வசதி இங்கே உதவாது. தேடுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். காப்பி முடிந்தபின் "மில்லியன்", "பில்லியன்" என்று தேடி, எது விடுபட்டிருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றையும் கையால் திருத்துங்கள். முகமை அனுப்பிய வரைபடத்தைத் தேடல் தொடாது என்பதையும் மறக்காதீர்கள். செய்தியில் கோடியும் வரைபடத்தின் அச்சில் பில்லியனும் இருந்தால் வாசகர் இரண்டையும் வெவ்வேறு தொகைகளாகவே படிப்பார்.

தவறான தொகை அச்சாகிவிட்டது. திருத்தத்தை எப்படி எழுதுவது?

தவறாக வந்த எண், சரியான எண் இரண்டையும் நாணயத்தோடும் அலகோடும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "கடன் தொகை 25 கோடி டாலர் என்று நேற்றைய இதழில் வெளியானது; 250 கோடி டாலர் என்பதே சரி" என்ற அளவில் இருந்தால் போதும். "எண்ணில் பிழை நேர்ந்துவிட்டது" என்று மட்டும் எழுதினால், செய்தியை வெட்டி வைத்திருப்பவருக்கு எதைத் திருத்திக்கொள்வது என்று தெரியாது. இணையப் பதிப்பில் உடலைத் திருத்துகிறவர்கள் தலைப்பையும், படத்தின் கீழுள்ள வரியையும், ஏற்கெனவே பகிரப்பட்ட செய்தி அட்டையையும் விட்டுவிடுகிறார்கள். அந்த மூன்றையும் திறந்து பார்த்த பிறகே திருத்தம் முடிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.